மூன்று வருட இசப்கோல்: கரண்டி மேல் எனக்கு இருக்கும் கோபம்

போன வாரம் என் தோழி கேட்டாள்: "நீ மூணு வருஷமா மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுக்கிறியே, நானும் ஒரு டப்பா வாங்கிடட்டுமா?" வாங்கு என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய எந்தப் பொட்டலத்திலும் அளவு கரண்டிக் கணக்கில்தான் இருந்தது. முதல் வருடம் முழு உமி எடுத்தேன், தினமும் இரண்டு தேக்கரண்டி, ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது வருடம் உமி கிடைக்காமல் பொடியை வாங்கி, அதே இரண்டு கரண்டியைத் தொடர்ந்தேன். நான்கே நாளில் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கலக்கி வைத்துவிட்டு போன் பேசி முடித்து வந்தால், கரண்டி அதில் நட்டுக்கொண்டு நிற்கிறது. சந்தேகம் வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு தேக்கரண்டி உமி 2 கிராம்கூட இல்லை, அதே கரண்டிப் பொடி 3 கிராமைத் தாண்டியது. அதாவது தெரியாமலே ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் பழைய அளவிலேயே வைத்திருக்கிறேன்.

சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இந்தப் பொருளே தண்ணீரை நம்பி நிற்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும். கலக்கியதும் குடித்துவிட வேண்டும். தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளலாம். விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. இவ்வளவு கவனம் கேட்கும் ஒன்றுக்கு "இரண்டு கரண்டி" என்று மட்டும் போட்டால் எப்படி? கிராமில் போடுங்கள் என்பதுதான் இந்த மூன்று வருடத்தில் என் ஒரே குறை.

சரி, இனி அதன் நல்லது. மலச்சிக்கலுக்காகத்தான் ஆரம்பித்தேன். ஒரு முறை வயிறு கெட்டு ஒரு வாரம் இளகிப் போய்க்கொண்டிருந்தபோது, இதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "நிறுத்த வேண்டாம், குறைந்த அளவில் தொடருங்கள்" என்றார். இரண்டு நாளில் மலம் உருவாகி வந்தது. இறுகினால் இளக்குகிறது, இளகினால் கட்டுகிறது. காரணம் எளிது. இசப்கோல் ஒரு கரையும் நார்ச்சத்து, தண்ணீரைப் பிடித்துப் பசையாகிறது, குடலில் உள்ள கிருமிகளால் அந்தப் பசையைப் பெரும்பாலும் தின்ன முடிவதில்லை. அதனால் கடைசி வரை பசையாகவே போய்ச் சேர்கிறது. இறுகிய மலத்துக்கு ஈரம் கொடுப்பதும், நீராகப் போகும் மலத்தில் மிச்சத் தண்ணீரை உறிஞ்சுவதும் அதே பசைதான். நடுவில் இன்யூலின் போட்ட இனிப்பு வில்லைகளையும் முயன்றேன். அதுவும் கரையும் நார்ச்சத்துதான், ஆனால் பசையாகாது, கிருமிகளுக்கு விருந்தாகிவிடும். எனக்குக் கிடைத்தது வாயுவும் உப்புசமும் மட்டுமே. பொட்டலத்தின் மேல் நார்ச்சத்து என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றே என்று நினைத்தது என் தவறு.

அதே இரண்டாவது வருடம் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 142 இருந்தது. மருத்துவர் ஒரு நாளைக்கு 10 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து எடுக்கச் சொன்னார். சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. மூன்று மாதம் கழித்து 131. அந்தப் பசை பித்த அமிலங்களைச் சிறைபிடித்து வெளியே கொண்டுபோகிறது. கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. பெரிய இறக்கம் இல்லை, மாத்திரை தேவைப்படுகிறவருக்கு இது மாற்றும் இல்லை. ஆனால் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு கொழுப்பு குறையும் என்று காத்திருந்தால் குறையாது, இந்த அளவு வேண்டும். வேறு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பசைக்குள் மாத்திரையும் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வருடம்தான் செய்ய வேண்டியதை முதலில் செய்திருக்கலாமே என்று தோன்றியது. ஒரு வாரம் தின்றதையெல்லாம் எழுதி நார்ச்சத்தைக் கூட்டினேன். நாளுக்கு 13 கிராம் வந்தது. பெரியவர்களுக்கு 25 கிராமாவது வேண்டும் என்பார்கள். ஒரு கப் வேகவைத்த பயறிலேயே ஏறக்குறைய 15 கிராம் இருக்கிறது. தோலோடு ஒரு ஆப்பிளில் 4 கிராம். முதல் வருடம் நான் இரண்டு கரண்டி உமியை அளந்து, கலக்கி, ஓடி ஓடிக் குடித்ததெல்லாம் 4 கிராம்கூட இல்லை! தினமும் அரை கப் பயறு, இரண்டு பழம், கூடுதலாக ஒரு காய் என்று மூன்று வாரத்தில் மெதுவாகக் கூட்டினேன். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், அதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது காலையில் இசப்கோல் இல்லாமலே வேலை நடக்கிறது. உலர்ந்த பிளம்ஸை இசப்கோலுக்கு எதிரே வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. நாளுக்கு இரண்டு வேளை 50 கிராம் பிளம்ஸ் மலச்சிக்கலில் இசப்கோலை முந்தியது. பழத்தில் நாரோடு சார்பிடால் என்ற இனிப்புப் பொருளும் இருக்கிறது, அதுவும் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும்.

இப்போது தோழிக்கு வருகிறேன். அவளிடம் ஒரே கேள்வி கேட்டேன்: மலம் கட்டி கட்டியாக வருகிறதா, இல்லை இளக்கமாகவே இருந்தும் வெளியே வர மறுக்கிறதா? இரண்டாவதுதான் என்றாள். இருபது நிமிஷம் உட்கார்ந்து முக்க வேண்டியிருக்கிறது, முடித்தாலும் பாதி உள்ளேயே நிற்பது போல இருக்கிறது. அது நார்ச்சத்துக் குறைவு மாதிரித் தெரியவில்லை. முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் சிலருக்கு இறுகிக்கொள்ளும். மூடிய கதவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சரக்கை அடுக்குவதுதான் அங்கே இசப்கோல் செய்யும் வேலை, உப்புசம்தான் மிஞ்சும். அந்தத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சி இருக்கிறது, மருத்துவர் பரிசோதித்துவிட்டு அனுப்புவார். ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, வாந்தியோடு வயிறு வீங்கினாலோ கரண்டியை எடுக்காமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். "அப்போ வாங்க வேண்டாமா?" என்றாள். இப்போதைக்கு வேண்டாம், முதலில் மருத்துவரைப் பார் என்றேன்.

எனக்கும் அடுத்த பொட்டலம் வாங்கும் எண்ணம் இல்லை. இவ்வளவு உதவிய ஒன்றைப் பற்றி இப்படிச் சொல்வது நியாயமில்லைதான், அந்த 11 புள்ளியும் அது குறைத்துக் கொடுத்ததே. அடுத்த பரிசோதனையில் பயறும் பழமும் எல்.டி.எல்லை 131-லேயே பிடித்து வைத்திருந்தால் விட்டுவிடுவேன். ஏறியிருந்தால் திரும்ப 10 கிராம், முழு உமி, தராசில் எடை போட்டு.