ஏசி வடிகட்டியையும் மின்விசிறியையும் நாள் குறித்துச் சுத்தம் செய்வதா, அழுக்கைப் பார்த்துச் செய்வதா?

ஏசி வடிகட்டிக்கு நாள் குறிப்பதே சரி. அது மூடிக்குள் இருப்பதால் தூசி கண்ணில் படாது. காற்று குறைந்ததை நாம் உணர்வதற்குள் உள்ளே குளிர்ச்சுருளில் பனி படிந்து, பிறகு உருகிச் சுவரோரம் சொட்டவும் தொடங்கலாம். தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வலையை உருவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி மங்கலாகத் தெரிந்தால் கழுவ வேண்டியதுதான். தூசி ஒட்டிய பக்கத்தில் தண்ணீரை அடித்தால் அது கண்ணிகளுக்குள் இன்னும் இறுகும். பின்பக்கமிருந்து விடுங்கள், தானாக உதிரும். வெந்நீர் வேண்டாம், வலை நெளிந்துவிடும். நிழலில் முழுவதும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும்.

மின்விசிறிக்கு இந்தக் கண்டிப்பு தேவையில்லை. இறக்கையின் முன்விளிம்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் துடைக்கலாம். சமையலறைக்கு அருகில் சீக்கிரமே தெரியும், படுக்கையறையில் தாமதமாகும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, மேலும் கீழும் அழுத்தி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். மறு கையால் இறக்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். வளைந்துவிட்டால் விசிறி ஆடத் தொடங்கும், அதைச் சரிசெய்வது பெரிய தலைவலி.

இரண்டையும் ஒரே நாளில் செய்வதானால் விசிறியை முதலில் முடியுங்கள். சிதறும் தூசி, கழுவி மாட்டிய வடிகட்டியில் போய் ஒட்டாது.