டேலியில் Physical Stock: கடைசியாகப் போட வேண்டிய வவுச்சர்

எங்கள் எலெக்ட்ரிக்கல் கடையில் பல வருஷமாக டேலியில்தான் ஸ்டாக் ஓடுகிறது. மார்ச் 31 இருப்பைச் சரிசெய்ய அதில் Physical Stock என்றொரு வவுச்சர் உண்டு. Ctrl+F7 அழுத்தி, எண்ணிய அளவை அடித்தால் அந்தத் தேதியின் இருப்பு அதுவாகவே மாறிவிடும். ஏன் குறைந்தது என்று அது கேட்காது. அதனால்தான் வித்தியாசத்துக்குக் காரணம் தேடி முடிக்கும்வரை நான் அதைத் தொடுவதில்லை.

எண்ணும் தாளில் ஐட்டம் பெயர் மட்டும்தான் இருக்கும். டேலி இருப்பை அச்சடித்துக் கொடுத்தால் எண்ணுகிறவர் கை அந்த எண்ணையே எழுதப் பார்க்கும்.

ஒரு வருஷம் 2.5 சதுர மி.மீ. வயர் புத்தகத்தில் 14 காயில், ரேக்கில் 11. பக்கத்திலேயே 1.5 வயர் புத்தகத்தில் 22, கையில் 24. ஒன்று குறைந்து இன்னொன்று கூடினால் முதலில் பர்சேஸ் பில்லைப் பார்ப்பேன். 2.5 ஐட்டத்தின் வரவுகளைத் திறந்தால், இரண்டு காயில் மட்டும் 1.5-இன் விலையில் ஏறியிருந்தன. பில் தொகை சரி, ஐட்டம் பெயர் தவறு. அந்த என்ட்ரியைத் திருத்தியதும் இரண்டு வயரின் சராசரி விலையும் சேர்ந்தே நேரானது. Physical Stock போட்டிருந்தால் எண்ணிக்கை சரியாகியிருக்கும், விலை தப்பாகவே நின்றிருக்கும்.

மிச்சம் ஒரு காயில். 30-ஆம் தேதி ஒரு கான்ட்ராக்டருக்கு டெலிவரி சலானில் போயிருந்தது, பில் போடவில்லை. இதைத்தான் ரொம்பக் கவனிக்க வேண்டும். 11 என்று இருப்பை இறக்கிவிட்டு ஏப்ரலில் பில் போட்டால் அதே காயில் இரண்டு முறை கழியும்; மார்ச் விற்பனையும் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். பில்லை மார்ச்சிலேயே போட்டோம். வித்தியாசம் தீர்ந்தது.

நிஜமான நஷ்டம் வேறு. உடைந்த எல்.இ.டி. பல்புகள் 12, வாங்கிய விலை 80 ரூபாய், மொத்தம் 960. இதை Alt+F7-இல் Stock Journal வழியாக, காரணத்தை நரேஷனில் எழுதிக் கழித்தோம். இறுதி இருப்பு குறைவதால் மொத்த லாபமும் அந்த அளவு குறையும். ஜி.எஸ்.டி. சட்டப் பிரிவு 17(5)(h)-இன்படி, அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். 18 சதவீதத்தில் 172.80 ரூபாய், சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. தலா 86.40. ஸ்டாக் வவுச்சர் இதைச் செய்யாது, தனி ஜர்னல் போட்டு GSTR-3B-இல் 4(B)(1)-இல் காட்ட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

ஸ்விட்ச், சாக்கெட்டில் ஒன்றிரண்டு குறைந்தால் காரணம் கிடைக்காது. அவற்றுக்கு மட்டும் Physical Stock, அதுவும் கோடவுன் வாரியாக. கடைக்கும் கோடவுனுக்கும் சேர்த்து ஒரே எண்ணாக அடித்தால் இன்னோர் இடத்து இருப்பு அப்படியே நின்று, மொத்தம் கூடிவிடும்.