ஒரு அறை மட்டும் குளிராதபோது: பம்ப்பா, பெரிய யூனிட்டா, பேலன்சிங்கா, பி.ஐ.சி.வி.யா?

தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடுகிறது, பம்ப் ஓடுகிறது, தளத்தில் பதின்மூன்று அறைகள் ஜில்லென்று இருக்கின்றன. கடைசியில் உள்ள மீட்டிங் அறை மட்டும் மதியம் 27.5 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. சென்னையில் நான் பராமரிப்பு பார்க்கும் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் தளத்தில் நடந்தது இது. என்ன செய்யலாம் என்று கேட்டால் நான்கு பேர் நான்கு வழி சொல்வார்கள். நான்கையும் இந்த ஓர் அறையை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் குறை காற்றிலா, தண்ணீரிலா என்று தெரிய வேண்டும். அதற்கு, அந்தக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில் மீது ஃபேனால் காற்றை வீசி அறையைக் குளிரவைக்கும் ஃபேன் காயில் யூனிட்டுக்கு வரும் பைப்பிலும் திரும்பிப் போகும் பைப்பிலும் வெப்பநிலை பார்த்தால் போதும். ஃபில்டர் அடைத்தோ ஃபேன் மெதுவாகச் சுற்றியோ காற்று குறைந்தால், தண்ணீர் வெப்பத்தை எடுக்காமலே திரும்பும். ரிட்டர்ன் பைப்பும் சில்லென்று இருக்கும். தண்ணீர் குறைந்தால் நேர்மாறாக நடக்கும். கொஞ்சம் தண்ணீர் காயிலில் நெடுநேரம் நின்று நன்றாகச் சூடாகித் திரும்பும். இரண்டு பைப்பும் அறை வெப்பத்துக்கே வந்திருந்தால் வால்வு திறக்கவே இல்லை என்று பொருள். அப்போது தெர்மோஸ்டாட்டையும் ஆக்சுவேட்டரையும் பாருங்கள்.

எங்கள் அறையில் இருந்தது 2 டன் யூனிட். 7 டிகிரியில் தண்ணீர் வந்து 12.5 டிகிரியில் திரும்ப வேண்டும் என்பது வடிவமைப்புக் கணக்கு. 2 டன் என்றால் 7 கிலோவாட். ஐந்தரை டிகிரி வித்தியாசத்தில் அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் தண்ணீர் வேண்டும். அளந்தபோது 7.5 டிகிரியில் வந்த தண்ணீர் 16 டிகிரியில் திரும்பியது. யூனிட்டுக்குப் போகும் தண்ணீரின் அளவைக் கையால் திருகி வைக்கும் பேலன்சிங் வால்வின் அளவு முனைகளில் மானோமீட்டரை மாட்டிப் பார்த்தால் 8 லிட்டர்தான். கணக்குப் போட்டால் 4.7 கிலோவாட், அதாவது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. ஃபில்டர் சுத்தமாக இருந்தது, காற்றும் சரியான அளவில் வந்தது. ஆக, தண்ணீர்தான் போதவில்லை.

முதலில் காதில் விழுந்த யோசனை, பம்ப் வேகத்தைக் கூட்டு, சில்லர் செட்டிங்கை இறக்கு என்பது. இதைத்தான் பலரும் உடனே செய்கிறார்கள், ஏனென்றால் பிளான்ட் ரூமை விட்டு வெளியே வரவே வேண்டாம். ஆனால் அந்த ஒரு யூனிட்டின் 8 லிட்டரை 18 ஆக்க, குழாய் அமைப்பை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கூட்டினால், இரண்டே கால் மடங்கு வேகம் தேவை. பம்ப் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் முப்படியாக ஏறும் என்பதால் அது பதினோரு மடங்கைத் தாண்டும். அந்த அளவுக்குப் பம்ப்பும் தாங்காது, மோட்டாரும் தாங்காது. சில்லர் செட்டிங்கை ஒரு டிகிரி இறக்கினாலோ சில்லரின் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் ஏறும். ஒரு அறைக்காகக் கட்டடம் முழுவதும் அதைச் சுமக்கும். வரும் திங்கட்கிழமை பெரிய கூட்டம் இருக்கிறது, அதுவரை சமாளிக்க வேண்டும் என்றால் செட்டிங்கை இறக்கலாம். அதற்கு மேல் அதை ஒரு வழியாக நான் எண்ணுவதில்லை.

அடுத்தது, 2 டன்னைக் கழற்றிவிட்டு 3 டன் யூனிட் போடுவது. 18 லிட்டரே வராத பைப்பில் 27 லிட்டர் கேட்கும் யூனிட்டை மாட்டுவது போன்றது இது. காயில் பெரிதாவதால் சிறிது பலன் கிடைக்கும், ஆனால் செலவுக்கு ஏற்ற பலன் இல்லை. அறையில் ஆட்களோ கணினிகளோ உண்மையிலேயே கூடியிருந்தால்தான் இதை யோசிக்க வேண்டும். அப்போதுகூட முதலில் தண்ணீரைச் சரிசெய்துவிட்டு.

மீதி இரண்டு வழிகள்தான் உண்மையான போட்டியாளர்கள்: ஏற்கெனவே உள்ள வால்வுகளை வைத்துக் கையால் பேலன்ஸ் செய்வதும், பி.ஐ.சி.வி. போடுவதும். பி.ஐ.சி.வி. என்பது லைனில் அழுத்தம் ஏறி இறங்கினாலும், நாம் டயலில் வைத்த அளவுக்கு மேல் தண்ணீர் போக விடாத கன்ட்ரோல் வால்வு.

நாங்கள் கையால் செய்தோம். முதல் வேலை ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவியது. வலையில் துருத்தூள் படிந்திருந்தது. ஏர் வென்ட்டைத் திறந்து காற்றையும் வெளியேற்றினோம். 8 லிட்டர் 10.5 ஆனது. நல்லதுதான், ஆனால் போதாது. அப்புறம் தளங்களுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் செங்குத்துக் குழாயான ரைசர் பக்கம் நடந்து போய், முதல் மூன்று யூனிட்களை அளந்தோம். விஷயம் அங்கேதான் இருந்தது. சில மாதங்களுக்கு முன் புதிய கேபின்களுக்காகப் போட்ட யூனிட்கள் அவை, பேலன்சிங் வால்வுகள் முழுக்கத் திறந்தபடியே விடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 18 லிட்டருக்குப் பதில் 30 லிட்டர் ஓடியது. ரிட்டர்ன் 11 டிகிரி. இவ்வளவு தண்ணீர் குடித்தும் அவை தரும் குளிர் 7.3 கிலோவாட்தான்! கூடுதல் 12 லிட்டரால் அந்த அறைகளுக்குக் கிடைத்தது 0.3 கிலோவாட். கடைசி அறையோ இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழந்திருந்தது. தண்ணீர் பாதியானாலும் காயில் முக்கால்வாசிக் குளிரைத் தரும், இரட்டித்தாலும் குளிர் கொஞ்சமே கூடும். அதனால்தான் அதிகம் குடிக்கும் அறையிலிருந்து புகாரே வருவதில்லை.

மூன்று வால்வுகளையும் 18-க்கு இறுக்கினோம். ஒன்றை மாற்றினால் மற்றவை நகரும் என்பதால் இரண்டு சுற்று அளக்க வேண்டியிருந்தது. கடைசி யூனிட் 17 லிட்டருக்கு வந்தது, நான்கு மணிக்கு அறை 24.5. செலவு ஒரு நாள் வேலை, ஒரு மானோமீட்டர்.

பி.ஐ.சி.வி. எங்கே இதை வெல்கிறது? கையால் வைத்த பேலன்ஸ் எல்லா வால்வுகளும் திறந்திருக்கும் நேரத்துக்கானது. மாலையில் பாதி யூனிட்களின் வால்வு மூடும்போது லைனில் அழுத்தம் ஏறி, திறந்திருப்பவை மீண்டும் அளவுக்கு மேல் குடிக்கும். யாருக்கும் வியர்க்காது, ஆனால் ரிட்டர்ன் தண்ணீர் குளிராகவே சில்லருக்குத் திரும்பும், பம்ப் வீணாக ஓடும். பி.ஐ.சி.வி. அதைத் தடுக்கும். தளத்தில் புதிதாக ஒரு யூனிட் சேர்த்தால் மற்றவற்றை மறுபடி அளக்கவும் வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. புகார் வந்த அறைக்கு மட்டும் பி.ஐ.சி.வி. வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அது தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வால்வு, வரவழைக்கும் வால்வு அல்ல. வேலை செய்யவே அதன் இரு பக்கமும் மாடலைப் பொறுத்து 15 முதல் 30 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசம் வேண்டும். தண்ணீர் போதாத கடைசி அறையில் அது இருக்காது, வால்வு சும்மா திறந்தே கிடக்கும். போட வேண்டிய இடம் அளவுக்கு மீறிக் குடிக்கும் அறைகள், முடிந்தால் தளம் முழுவதும். உள்ளே வழிகள் குறுகலானவை என்பதால், துரு ஓடும் பழைய லைனைக் கழுவாமல் மாட்டினால் சிக்கிக்கொள்ளும். விலையும் சாதாரண வால்வைவிட அதிகம்.

தளத்தின் அமைப்பு மாறாமல் இருந்தால் கையால் பேலன்ஸ் செய்வதே என் தேர்வு. யூனிட்டைச் சுற்றித் தண்ணீரை விடும் மூன்று வழி வால்வுகள் உள்ள பழைய கட்டடங்களில் மொத்த ஓட்டம் பெரிதாக மாறாது, அங்கே பி.ஐ.சி.வி.க்கு வேலை குறைவு. வருடத்துக்கு இரண்டு முறை கேபின்களை இடித்துக் கட்டும் அலுவலகமாக இருந்து, பம்ப்புக்கு வேகம் மாற்றும் டிரைவும் இருந்தால் பி.ஐ.சி.வி.க்குச் செலவு செய்வேன். எங்கள் மூன்றாம் தளத்தில் அடுத்த வருடம் மறுபடி கேபின் வேலை வருகிறது. அப்போது ரைசரை ஒட்டிய அந்த மூன்று யூனிட்களில் இருந்துதான் மாற்றத் தொடங்கப்போகிறோம்.