இரு பத்திகள் கொண்ட ஆய்வுக் கட்டுரையைக் கைப்பேசிக்கு வெட்டுவது: மூன்று வழிகள்

பக்கத்துக்கு இரண்டு பத்திகள் அருகருகே அமைந்த ஐ.இ.இ.இ. மாநாட்டுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாளின் அகலம் 8.5 அங்குலம், ஒரு பத்தியின் அகலம் சுமார் 3.5 அங்குலம், எழுத்து 10 புள்ளி. கைப்பேசித் திரையின் அகலம் 2.7 அங்குலம் என்றால், முழுப் பக்கமும் தெரியும்போது எழுத்து 3 புள்ளிக்குச் சுருங்கிவிடும். பக்கத்தைச் சரிபாதியாக வெட்டினால் 6 புள்ளிக்குச் சற்று மேல். ஓரங்களையும் நீக்கிப் பத்தியை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 7.7. கண்ணுக்கு இது பெரிய வித்தியாசம்.

சரிபாதியாக வெட்டுவதற்கு மியூபிடிஎஃப் என்ற மென்பொருள் தரும் கட்டளை ஒரே வரிதான்:

```
mutool poster -x 2 paper.pdf out.pdf
```

கணினியில் நொடியில் முடிந்துவிடும். ஆனால் எழுத்தைப் பார்க்காமல் நடுக்கோட்டில் வெட்டுகிறது. முதல் பக்கத்தைத் திறந்தாலே தெரியும்: தலைப்பின் முதல் பாதி ஒரு பக்கத்தில், மறுபாதி அடுத்த பக்கத்தில். இரு பத்திகளையும் அடைத்து நிற்கும் படங்களுக்கும் அதே கதி. ஓரமும் அப்படியே தங்கிவிடும்.

இரண்டாவது வழி பிரிஸ் என்ற மென்பொருள். அது ஒற்றைப்படைப் பக்கங்களையும் இரட்டைப்படைப் பக்கங்களையும் தனித்தனிக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுகிறது. எழுத்து எங்கே விழுகிறது என்பது நிழலாகத் தெரியும். ஒவ்வொரு குழுவின்மேலும், பத்திக்கு ஒன்றாக, இரண்டு கட்டங்கள் அமைக்க வேண்டும். ஓரம் போய்விடும். கோப்பைத் திறக்கும்போதே முதல் பக்கத்தை விலக்கச் சொன்னால் தலைப்பும் தப்பும். நடுவில் வரும் அகலப் படம் மட்டும் தப்பாது, அந்தப் பக்கத்தையும் விலக்கினால் ஒழிய.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை, கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருளை:

```
k2pdfopt -mode 2col -w 2.7in -h 5.5in paper.pdf
```

பத்திகளுக்கு இடையிலுள்ள வெள்ளை இடைவெளியை இது தானே தேடுகிறது. தலைப்பிலும் அகலப் படத்திலும் அந்த இடைவெளி இல்லாததால் அவற்றை வெட்டாமல் விடுகிறது. கீழே இரு பத்தி தொடங்கும் இடத்திலிருந்து பிரிக்கிறது. இந்த முறையில் வரிகள் மடிக்கப்படுவதில்லை, அதனால் சமன்பாடுகள் சிதையாது. எழுத்தும் எழுத்தாகவே இருக்கும், தேடலாம். முறை எதையும் குறிப்பிடாமல் ஓட்டினால் பக்கம் படமாக மாறும், வரிகள் மடியும், நீண்ட சமன்பாடு துண்டாகும். ஆகவே `-mode 2col` என்பதை மறக்கக்கூடாது.

இதுவும் ஏமாறும் இடம் அட்டவணை. அட்டவணைக்குள் அகலமான வெள்ளை இடைவெளி இருந்தால் அதையும் பத்தி இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். அட்டவணையில் ஒப்பிடப்படும் ஆய்வு முறைகளின் பெயர்கள் ஒரு பக்கத்தில் தனியாகவும், எண்கள் எல்லாம் அடுத்த பக்கத்திலும் வந்தால் காரணம் இதுவே. அந்தப் பக்கத்தை மட்டும் மூலக் கோப்பில் பார்ப்பது நல்லது. வெட்டாமல் தப்பிய அகல அட்டவணையும் 2.7 அங்குலத்துக்குச் சுருங்கித்தான் கிடக்கும். கைப்பேசியைப் படுக்கவைத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். முடிவுகள் பகுதியைக் கவனமாகப் படிக்கப்போகிறவர் மூலக் கோப்பையும் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும்.