இருநூற்று அறுபது கிலோ பஞ்சு, மூன்று விதப் பதில்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. அங்கே ஸ்டோர்ஸும் பஞ்சு குடோனும் என் பொறுப்பு. ஜூன் முதல் வாரம் இன்டர்னல் ஆடிட் வரைவு அறிக்கை மேஜைக்கு வந்தது. பதில் எழுதப் பத்து நாள் அவகாசம். எங்கள் பிரிவு மீது மூன்று குறிப்புகள் இருந்தன, முதலாவதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஜனவரியில் வந்த ஒரு லாட், 100 பேல், பேலுக்கு 170 கிலோ, கணக்குப்படி 17,000 கிலோ. மே மாதம் ஆடிட்டர் மேடம் முன்னிலையில் எடை போட்டபோது 16,740 கிலோ. குறைவு 260 கிலோ. "கணக்கில் வராத விநியோகம் அல்லது களவுக்கு வாய்ப்பு; குடோன் கட்டுப்பாடு பலவீனம்; இடர் அளவு: உயர்" என்று எழுதியிருந்தார்.

இதற்குப் பதில் எழுத மூன்று வழி இருந்தது. மூன்றையும் உண்மையிலேயே தாளில் எழுதிப் பார்த்தேன்.

முதல் வழி, எனக்கு முன்னால் இருந்தவர் கையாண்டது. "குறிப்பு ஏற்கப்படுகிறது. காவல் பலப்படுத்தப்படும்." இரண்டே வரி. மேலிடத்தில் சண்டை இல்லை, ஆடிட்டருக்கும் வேலை மிச்சம். போன வருடமும் இதே மாதிரிக் குறிப்பு வந்து இதே மாதிரிப் பதில்தான் போனது. குடோன் வாசலில் கேமரா மாட்டினார்கள், ஒரு குடோன் ஆளை வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள். இந்த வருடம் மே மாதம் மறுபடியும் குறைவு. காரணம் அதுவல்ல என்றால் மருந்தும் வேலை செய்யாது. அதோடு, ஏற்றுக்கொண்ட குறிப்பு அடுத்த வருடமும் திரும்ப வந்தால் அறிக்கையில் அதன் பெயரே மாறிவிடும்: "மீண்டும் நிகழ்ந்தது". இடர் அளவு 'உயர்' ஆனது அதனால்தான். இரண்டு வரிப் பதில் அன்றைக்கு மலிவு, மறுவருடம் வட்டியோடு திரும்பும்.

இரண்டாவது வழி, முழு மறுப்பு. எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணன் இதன் பக்கம். "100 பேலும் இருக்கு, ஒண்ணும் குறையல. காரோவிலேயே 10 சதவீதத்துக்கு மேல போனாத்தான் சொல்லணும்னு இருக்கு. நமக்கு ஒன்றரை சதவீதம்தான். அப்புறம் என்ன?" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. காரோ 2020 என்பது கம்பெனி ஆடிட் அறிக்கைக்கான அரசு உத்தரவு. அது சொல்வது ஸ்டாட்யூட்டரி ஆடிட்டரின் அறிக்கைக்கு, இன்டர்னல் ஆடிட்டுக்கு அல்ல: ஒவ்வொரு வகைச் சரக்கிலும் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு வந்ததா, அது கணக்கில் சரியாகக் கையாளப்பட்டதா என்று அவர் எழுத வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வாதத்தை எழுதியிருந்தால் மேடம் ஒரே வரியில் தட்டிவிட்டிருப்பார். ஒரு வாதம் இப்படி உடைந்தால் கூடவே எழுதிய நல்ல வாதங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முழு மறுப்புக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஆடிட்டர் பார்த்த விவரமே தப்பாக இருந்தால் மறுக்கலாம்: வேறு குடோனில் இருந்த சரக்கை எண்ணாமல் விட்டார், பழைய பட்டியலை வைத்துப் பார்த்தார் என்பதுபோல. ஆனால் அதை வரைவு நிலையிலேயே நேரில் பேசித் தீர்ப்பது நல்லது. இறுதி அறிக்கையில் குறிப்பும் மறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகிவிட்டால், படிக்கிற இயக்குநருக்கு இரண்டு பேர் சண்டை போடுவதுதான் தெரியும்.

மூன்றாவது வழிக்கு முன்னால், ஒரு குறிப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என்ன கண்டார், எந்த அளவுகோலை வைத்து அதைத் தவறு என்கிறார், காரணம் என்ன என்கிறார், விளைவு என்ன, என்ன செய்யச் சொல்கிறார் என்று ஐந்து துண்டு. ஒன்றை ஏற்பதால் மற்றதையும் ஏற்க வேண்டியதில்லை. எங்கள் விஷயத்தில் கண்டது சரி. எடைக் குறைவு உண்மை. மறுக்க வேண்டியது காரணத்தை மட்டும்.

பஞ்சு சும்மா இருக்கும்போதே எடை மாறும் சரக்கு. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வெயில் காலத்தில் விட்டுவிடும். முழுக்கக் காய்ந்த 100 கிலோ பஞ்சு 8.5 கிலோ தண்ணீரைப் பிடித்திருந்தால் ஈரப் பிடிப்பு 8.5 சதவீதம், வியாபாரத்தில் வழக்கமான அளவு அதுதான். ஜனவரியில் லாட் வந்த அன்று எங்கள் ஆள் மீட்டரில் பார்த்து, சரக்கு வரவுச் சீட்டிலேயே 8.5 என்று குறித்திருந்தார். செட்டிநாட்டு மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுக்கூரைக் குடோனில் நான்கு மாதம் கிடந்தது அந்த லாட்.

ஆனால் எடை போட்ட அன்று ஈரம் பார்க்கவில்லை. அது எங்கள் தவறு. அதனால் மேடத்திடமே கேட்டேன்: "நீங்களே பத்து பேல் தேர்ந்தெடுங்க மேடம், உங்க உதவியாளர் முன்னாடியே மாதிரி எடுத்து அடுப்பில் காய வைப்போம்." சம்மதித்தார். எடை போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, வெயில் மட்டும் குறையவில்லை. அந்த இடைவெளியையும் பதிலில் மறைக்காமல் எழுதினேன்.

105 டிகிரியில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காய வைத்தோம். சராசரியாக 100 கிராம் மாதிரி 93.46 கிராம் ஆனது. போன ஈரம் 6.54 கிராம். இங்கேதான் வழுக்கப் பார்த்தேன். 8.5 இருந்தது 6.54 ஆகிவிட்டது என்று நேரடியாகப் போட்டால் 307 கிலோ காய்ந்திருக்க வேண்டும். குறைந்ததோ 260 தான். காரணம் சொல்லும் அளவு குறைவைவிட அதிகமாகப் போனால், கணக்கில் எங்கோ பிழை என்று அர்த்தம். தேடினால், மீட்டர் காட்டுவது காய்ந்த பஞ்சின் மேல் கணக்கிட்ட பிடிப்பு. நான் அடுப்பில் எடுத்தது ஈரமான மொத்த எடையின் மேல் கணக்கிட்ட அளவு. 6.54-ஐ 93.46-ஆல் வகுத்தால்தான் பிடிப்பு: 7.0 சதவீதம்.

அப்புறம் கணக்கு நேரானது. 17,000-ஐ 1.085-ஆல் வகுத்தால் காய்ந்த பஞ்சு 15,668 கிலோ. அதை 1.07-ஆல் பெருக்கினால் 16,765. ஈரம் காய்ந்ததால் மட்டும் குறைந்தது 235 கிலோ. மேடம் உட்கார்ந்து தன் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அவர் கையாலேயே செய்து பார்க்க முடிகிற ஆதாரத்துக்கு முன்னால் என் விளக்கம் பத்துப் பக்கம் போனாலும் நிற்காது.

இன்னொரு தடயம் அவரிடமே இருந்தது: பேல் வாரியான எடைப் பட்டியல். களவென்றால் சில பேலில் பெரிய குறைவும் மற்றவற்றில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். எங்கள் பட்டியலில் ஒரு பேல் விடாமல் இரண்டு கிலோவிலிருந்து மூன்றரை கிலோ வரை குறைவு. கட்டுக் கம்பி அறுபடவில்லை, பிரஸ் எண்கள் வரிசையாக இருந்தன. எடை மேடையின் முத்திரைச் சான்றிதழையும் இணைத்தேன். அது காலாவதியாகியிருந்தால் இவ்வளவு வேலையும் வீண் என்பதால் முதலில் பார்த்தது அதைத்தான்.

மிச்சம் 25 கிலோ. சாக்கும் கம்பியும் கழித்ததில் வித்தியாசம் என்று எழுதக் கை அரித்தது. இருக்கலாம், ஆனால் காட்ட ஒரு தாள் இல்லை. எனவே பதில் இப்படிப் போனது:

> எடைக் குறைவு 260 கிலோ என்பதை ஏற்கிறோம். களவு அல்லது கணக்கில் வராத விநியோகம் என்ற காரணத்தை ஏற்கவில்லை. 235 கிலோ ஈரம் காய்ந்ததால் என்பதற்கு வரவுச் சீட்டு, கூட்டுச் சோதனைத் தாள், பேல் வாரி எடைப் பட்டியல் இணைப்பில் உள்ளன. மீதி 25 கிலோவுக்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. எடை போடும் நாளில் ஈரம் பதிவு செய்யாதது எங்கள் குறை. ஜூலை 1 முதல் மாத இருப்பு எடையோடு ஈரமும் பதிவாகும். பொறுப்பு: குடோன் மேற்பார்வையாளர்.

படித்த கணக்குப்பிள்ளை அண்ணன், "25 கிலோவை நீயே ஏன் காட்டிக் கொடுக்குறே?" என்றார். எனக்கென்னவோ அந்த 25 கிலோதான் 235-ஐக் காப்பாற்றியது. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருப்பவரை ஆடிட்டர் சந்தேகப்படுவார். அண்ணன் வீட்டிலேயே ஐயா காலத்துப் பேரேடும் ஐந்தொகையும் இருக்கின்றன. ஒட்டாத தொகையை வேறு தலைப்பில் தள்ளி ஐந்தொகை கட்டுவது அங்கேயும் மரியாதை இல்லை என்று அவருக்கே தெரியும்.

இரண்டாவது குறிப்புக்கு நேர் எதிர் வழி. உதிரிபாகங்கள் வாங்கியதில் பார்த்த 25-ல் 7-க்குப் பில் தேதிக்குப் பிறகே பர்ச்சேஸ் ஆர்டர் போட்டிருக்கிறது. ராத்திரி மெஷின் நின்றால் கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டு பஸ்ஸில் வரவழைப்போம், ஆர்டர் மறுநாள். இதற்கு "உற்பத்தி பாதிக்கும்" என்று வாதாட ஆசை வரும். வாதாடக்கூடாது. அவசரம் உண்மையாக இருக்கலாம், அவசரத்துக்கென்று ஒரு வழிமுறை எழுதி வைக்காததுதான் குற்றம். இங்கே முதல் வழியே போதும், ஆனால் "இனி நடக்காது" என்ற வரி இல்லாமல். போன் ஆர்டருக்கு ஒரு பதிவேடு, ஷிப்ட் பொறுப்பாளர் கையெழுத்து, அடுத்த வேலை நாளில் ஆர்டர், எல்லாம் ஜூலை 15-க்குள் என்று எழுதினேன். அதோடு அந்த 25-ல் நிற்காமல் வருடம் முழுவதும் நானே தேடி எடுத்த பட்டியலையும் கொடுத்தேன். மேடம் அடுத்த முறை தோண்டி எடுப்பதைவிட அது மேல்.

மூன்றாவது, ஒரே கடைக்கு ஒரு வாரத்தில் மூன்று ஆர்டர், ஒவ்வொன்றும் 50,000 ரூபாய் வரம்புக்குச் சற்றுக் கீழே; ஒப்புதலைத் தவிர்க்கப் பிரித்ததாகக் குறிப்பு. ஒன்று வேறு மெஷினுக்கு, வேறு நாளில் வந்த தேவைச் சீட்டு. சீட்டை இணைத்து மறுத்தேன். மற்ற இரண்டுக்கும் சீட்டு ஒன்றுதான். பிரித்ததுதான், ஏற்றுக்கொண்டேன்.

இறுதி அறிக்கையில் பஞ்சுக் குறிப்பு 'உயர்' என்பதிலிருந்து 'குறைவு' ஆனது, 'களவு' என்ற சொல் போய்விட்டது. ஷிப்டு மாற்றிய ஆள் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். ஆர்டர் குறிப்பு 'நடுத்தரம்' என்றே இருக்கிறது, செப்டம்பரில் பதிவேட்டைப் பார்க்க வருகிறார்கள். 25 கிலோ இன்னும் திறந்தே கிடக்கிறது. அடுத்த லாட் வரும்போது சாக்கையும் கம்பியையும் தனியாக எடை போடச் சொல்லியிருக்கிறேன்.