மல்லிகைச் சரத்தின் ஓரம்: பச்சைத் துணியா, ஏஐ மேட்டிங்கா?

கடலூர் சில்வர் பீச்சில் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பரதநாட்டிய உருப்படியைப் படம் பிடித்தோம். 3 நிமிடம் 40 நொடி. கடலும் வெளிறிய வானமும் பின்னால் இருக்க, மாணவி நன்றாகவே ஆடினாள். வீடியோவைப் பார்த்த பிறகுதான் அவளுடைய டீச்சர் சொன்னார்: "தம்பி, இந்தப் பாட்டுக்குக் கடல் ஒட்டல. ராத்திரி மண்டபம், சுத்தி அகல் விளக்குன்னு மாத்த முடியுமா? இப்பல்லாம் கம்ப்யூட்டரே ஆளை வெட்டிக் குடுத்துடுதாமே?"

முடியும் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன ஹாலை எடுத்து, பச்சைத் துணி கட்டி, முழு உருப்படியையும் திரும்ப ஆட வைத்தேன். இரண்டு வழியையும் ஒரே ஆட்டத்தில் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். ஆடுகிற ஆளை வெட்டி எடுக்க நான் பச்சைத் துணி பக்கம்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பச்சைத் துணிக்கு இடம் வேண்டும், லைட்டு வேண்டும், துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது. ஏஐ மேட்டிங்குக்கு இது எதுவும் வேண்டாம். எடுத்து முடித்த வீடியோவிலிருந்தே ஆளைப் பிரித்துவிடும். ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் கோடு போடுகிற ரோட்டோ, இந்த நீளத்துக்கு என் போன்ற தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 220 நொடிக்கு 5,500 ஃபிரேம்.

கடற்கரை வீடியோவை வைத்து ஏஐ முதலில் கொடுத்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். உடம்பின் வடிவம் சுத்தமாக வந்திருந்தது. இரவு மண்டபத்தைப் பின்னால் வைத்த உடனே, தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தது. மேட், அதாவது எந்தப் பிக்சலில் ஆள் எவ்வளவு என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம், தப்பாக இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். மேட் பெரும்பாலும் சரிதான். கெட்டுப்போயிருந்தது ஓரத்தில் இருந்த நிறம்.

இதை ஒரு முடியிழையை வைத்துச் சொல்கிறேன். இழை ஒரு பிக்சலை விட மெல்லியது. அதனால் அந்தப் பிக்சலில் கொஞ்சம் முடி, மீதி வானம் கலந்தே பதிவாகும். முடியின் வெளிச்ச அளவு 30, வானம் 230, பிக்சலில் முடியின் பங்கு 40 சதவீதம் என்று வையுங்கள். கேமராவில் பதிவாவது 12-ம் 138-ம் சேர்ந்து 150. இப்போது ஏஐ '40 சதவீதம்' என்று மிகச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டது என்று வைப்போம். நாம் வைக்கிற இரவின் அளவு 20. உண்மையில் வரவேண்டியது 30-ல் 40 சதவீதமும் 20-ல் 60 சதவீதமும், அதாவது 24. ஆனால் நம் கையில் இருக்கும் நிறம் முடியின் 30 இல்லை, வானம் கலந்த 150. அதில் 40 சதவீதம் எடுத்தால் 60, இரவின் பங்கு 12, மொத்தம் 72. மூன்று மடங்கு வெளிச்சம். அந்த வெள்ளைக் கோடு இதுதான். மேட்டை எவ்வளவு திருத்தினாலும் போகாது. உள்ளே தள்ளினால் கோட்டோடு முடியும் போய்விடும்.

பச்சைத் துணி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். பின்னால் இருப்பது என்ன நிறம் என்று முன்கூட்டியே தெரியும். அதனால் கீயிங் செய்யும்போது, அதாவது பச்சையை நீக்கி ஆளை மட்டும் எடுக்கும்போது, ஓரப் பிக்சலிலிருந்து பச்சையின் பங்கைக் கழித்துவிட முடிகிறது. சில்வர் பீச்சில் பின்னால் இருந்தது அலை, நுரை, வானம், நடந்து போகிறவர்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு. எதைக் கழிப்பது?

ஓரத்து நிறத்தை உள்ளேயிருந்து இழுத்து நிரப்பும் வசதி ஏஐ கருவிகளிலும் உண்டு. வெறும் கருங்கூந்தலுக்கு அது நன்றாக வேலை செய்தது. ஆனால் நாட்டியக்காரி தலையில் கூந்தலை ஒட்டியே மல்லிகைச் சரம் இருக்கிறதே! கறுப்பு பூவுக்குள் ஏறும், அடுத்த ஃபிரேமில் வெள்ளை முடிக்குள் ஏறும். நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓடவிட்டால் ஓரம் துடிக்கும். விரல்களும் அப்படித்தான். அலபத்மத்தில் விரல்கள் விரிந்து சுழலும்போது அசைவில் கலங்கிய விரல்கள் ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் பாதி காணாமல் போகும். சோதிக்க ஒரு வழி: வெட்டிய ஆளைச் சாம்பல் நிறத்தின் மேல் வைத்து, பிறகு கறுப்பின் மேல் வைத்து, முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சாம்பலில் மறைந்திருந்தது கறுப்பில் வெளியே வரும்.

ஹாலில் நான் அதிகம் கவனித்தது இரண்டு விஷயம். துணிக்கும் மாணவிக்கும் நடுவே எட்டடி விட்டு, துணிக்குத் தனியாக இரண்டு லைட்டு கொடுத்தேன். நெருங்கி நின்றால் பச்சை வெளிச்சம் திரும்பி வந்து கன்னத்திலும் பட்டுச் சரிகையிலும் ஏறும். நெற்றிச்சுட்டியில் இன்னும் மோசம். அடுத்து, ஷட்டரை 1/100-ல் வைத்தேன். 1/50-ஐ விடக் கை அசைவின் கலங்கல் பாதியாகும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் லைட்டு மினுக்குவதும் படத்தில் வராது.

இன்னொன்று, சின்ன கேமரா வைத்திருப்பவர்களுக்கு. பெரும்பாலானவை 4:2:0 முறையில் பதிகின்றன. அதாவது நிறத்தை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிச் சேமிக்கின்றன. பச்சையை நம்பி வெட்டும்போது ஓரம் படிக்கட்டாகத் தெரிய இது ஒரு காரணம். 3840 × 2160-ல் எடுத்து 1920 × 1080-க்குக் குறைத்தால், குறைத்த படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறத் தகவல் கிடைத்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

பச்சைத் துணியும் என்னை ஓரிடத்தில் மாட்டிவிட்டது. மல்லிகைச் சரத்தில் நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். கீ போட்டதும் பூவில் ஓட்டை ஓட்டையாக மண்டபம் தெரிந்தது. அதை அடைத்தது ஏஐதான். அதன் மேட்டைக் கொஞ்சம் உள்ளே சுருக்கி, 'இதற்குள் எதையும் வெட்டாதே' என்று காவலாக வைத்தேன். ஓரத்தை மட்டும் பச்சை பார்த்துக்கொண்டது. இப்போது எல்லா வேலையிலும் இப்படியே செய்கிறேன்.

ஏஐ மட்டும் போதும் என்கிற இடங்களும் இருக்கின்றன. உட்கார்ந்து பேசுகிற ஒருவர், வாரிய தலை, புதிதாக வைக்கும் பின்னணியும் பழைய வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்றால் துணி கட்டுவது வீண் அலைச்சல். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எடுத்த இரண்டு பேட்டிகளை அப்படியே முடித்தேன், யாரும் குறை சொல்லவில்லை. இரண்டே வேலைதான் என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். பாதமும் தரையும் தெரிகிற முழு உருவத்திலும் என் அனுபவம் குறைவு. ஹாலில் துணியைத் தரை வரை விரித்தும், சலங்கைக்குக் கீழே விழுந்த நிழலைக் கடைசியில் தனியாகத்தான் வரைந்தேன்.

அடுத்த மாதம் அதே டீச்சரின் இன்னொரு மாணவி ஆடுகிறாள். உடை கிளிப்பச்சை. நீலத் துணி வாங்கிச் சுருக்கம் எடுத்து வைத்திருக்கிறேன். நீலத்துக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்பதால் மூன்றாவதாக ஒரு லைட்டும் சொல்லியிருக்கிறேன். மரிக்கொழுந்து இந்த முறை இருந்துவிட்டுப் போகட்டும்.