வாசலில் சொல்லும் கடைசி வாக்கியம்: எது நிற்கும், எது திரும்பி வரும்?

படிப்பு முடித்த புதிதில் எட்டு மாதம் வீடு வீடாகப் போய்க் கலைக்களஞ்சியத் தொகுதிகள் விற்றேன். இப்போது கதவுக்கு உள்பக்கம் நிற்கிறேன். விற்க வருபவரிடம் எப்படி மறுப்பது என்று யாராவது கேட்டால், சொல்பவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிட, வெளியே நிற்பவர் காதில் என்ன விழுந்தது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. நாம் வழக்கமாகச் சொல்லும் நான்கு வாக்கியங்களை அந்தக் காதில் போட்டுப் பார்க்கிறேன்.

"இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்." நால்வரில் மூவர் வாயில் வருவது இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். சொல்பவர் மறுத்துவிட்டதாக நினைக்கிறார். முகத்தையும் முறிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை என்று நிம்மதியாகக் கதவைச் சாத்துகிறார். வெளியே நான் என்ன செய்தேன் தெரியுமா? படியிறங்கும்போதே குறிப்பேட்டைத் திறந்து அந்த வீட்டு எண்ணுக்கு எதிரே 'மீ.வ.' என்று எழுதினேன். மீண்டும் வர வேண்டும் என்று பொருள். பத்து நாள் கழித்து நான் திரும்பிப் போனபோது அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. தவறு அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. 'பிறகு' என்ற சொல்லை அவர் மறுப்பாகச் சொன்னார், நான் தவணையாகக் கேட்டேன்.

இரண்டாவது, காரணம் சொல்லி மறுப்பது: "வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது", "அவர் வந்தால்தான் முடிவு சொல்ல முடியும்." காரணம் சொன்னால் மரியாதை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். வாசலில் காரணம் என்பது அடுத்த கேள்விக்குப் போட்டுக் கொடுக்கும் பலகை. இருக்கிறதா, எந்த வருடம் வாங்கியது? அவர் எத்தனை மணிக்கு வருவார்? இந்தப் பதில்களைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். காரணமே சொல்லாதவரிடம்தான் நாங்கள் வாயடைத்து நின்றோம். இதைவிடச் சிக்கலானது பொருளைப் புகழ்ந்து மறுப்பது. "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்…" என்று தொடங்கினால், விற்பவர் அந்த 'ஆனால்' வரைதான் கேட்பார்.

மூன்றாவது, வெறும் "வேண்டாம்", கூடவே கதவுச் சத்தம். வேலை முடிந்துவிடும், அது உண்மைதான். ஆனால் அடுத்த மூன்று வீட்டு வாசல்களில் அந்தச் சத்தத்தைச் சுமந்துகொண்டுதான் நின்றிருக்கிறேன். அதோடு, சத்தமில்லாமல் சிரித்தபடி மெல்லிய குரலில் சொல்லும் ஒற்றை "வேண்டாம்" பேரத்தின் தொடக்கமாகவே எடுத்துக்கொள்ளப்படும். முதல் 'வேண்டாம்' கணக்கில் இல்லை என்பது எங்கள் வட்டாரத்தில் எழுதாத விதி.

நான்காவதுதான் என் தேர்வு: "வாசலில் நாங்கள் எதுவும் வாங்குவதில்லை. வெயில் கடுமையாக இருக்கிறது, பார்த்துப் போங்கள்."

இதில் இரண்டு பாதிகள். முதல் பாதி பொருளைப் பற்றியே பேசவில்லை; அதனால் பொருளின் பெருமையைச் சொல்லி அதை அசைக்க முடியாது. 'வாங்க முடியாது' என்றால் முடியாததற்கு ஒரு தடை இருக்கிறது, தடையை விலக்கலாம் என்று ஆகிவிடும். தவணைத் திட்டம் உடனே வெளியே வரும். 'வாங்க மாட்டேன்' என்பதில் எதிரே நிற்பவரோடு மோதும் தொனி இருக்கிறது. 'வாங்குவதில்லை' என்பது வழக்கத்தைச் சொல்கிறது, இவருக்கென்று எடுத்த முடிவைச் சொல்லவில்லை. வெனசா பேட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசையைத் தவிர்க்க 'என்னால் முடியாது' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'நான் செய்வதில்லை' என்று சொல்லிக்கொண்டவர்கள் உறுதியாக நின்றார்கள் என்று கண்டார்கள். அது தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைப் பற்றிய ஆய்வு, வாசல் விற்பனையைப் பற்றியது அன்று. ஆனாலும் சொல்பவரின் குரலில் தடுமாற்றம் குறைவதை நான் வெளியே நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது பாதியில்தான் அன்பு. அது முழுவதும் ஆளுக்கு, பொருளுக்குத் துளியும் இல்லை. வரிசையும் முக்கியம். அன்பை முன்னால் வைத்து, "பாவம், வெயிலில் வந்திருக்கிறீர்களே" என்று தொடங்கினால், ஒரு தம்ளர் தண்ணீர், இரண்டு நிமிட உட்காரல் என்று பேச்சு நீண்டுவிடும். மறுப்பு முதலில், கரிசனம் கடைசியில்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியோடு ஓர் இளைஞர் வந்தார். "வணக்கம் அம்மா, உங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகச் சோதித்துக் காட்டுகிறேன்" என்று ஒரு துண்டுத்தாளை நீட்டினார். தாளை நான் வாங்கவில்லை. கையில் ஒன்றை வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுப்பதற்குத் தனியாக ஒரு மறுப்பு தேவைப்படும். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில், "வாசலில் நாங்கள் எதுவும் வாங்குவதில்லை. வெயிலில் பார்த்துப் போங்கள்" என்றேன்.

"வாங்க வேண்டாம் அம்மா, சும்மா சோதனைதான்."

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்; புதிதாக ஒரு காரணம் தேடுகிறார்கள். நான் அதே சொற்களை அதே குரலில் திருப்பிச் சொன்னேன்: "புரிகிறது. வாசலில் நாங்கள் வாங்குவதில்லை, சோதனையும் வேண்டாம். பார்த்துப் போங்கள்." சொல்லிக்கொண்டே அரையடி பின்னால் வந்து கதவில் கை வைத்தேன். வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்க வேண்டும். "வேண்டாமே?", "சரிதானே?" என்று குரல் ஏறினால் அவரிடம் அனுமதி கேட்டதாகிவிடும். அவர் தலையசைத்தார். மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்காது. அவருக்கும் அது லாபம்தான். கால்மணி நேரம் ஆசை காட்டி அனுப்பும் வீடுகளே அன்றைய கணக்கைக் கெடுக்கின்றன.

மூன்றாவது முறையும் தொடர்ந்தால் இன்னொரு வாக்கியம் கிடையாது; கதவைச் சாத்தலாம். காலை வாசற்படிக்குள் வைப்பவரிடமும், 'சோதனை அதிகாரி' என்று சொல்லிக்கொண்டு அடையாள அட்டை காட்டாதவரிடமும் கரிசனப் பாதி தேவையே இல்லை.

விளிச்சொல் ஒரு சின்ன விஷயம், ஆனால் சறுக்கும். பழக்கத்தில் "தம்பி" என்று அழைத்தால் இனிமையாகத்தான் இருக்கும். உடனே அவர் "அக்கா" ஆக்கி, "அக்காவுக்காக ஒரு விலை" என்பார். நான் 'நீங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதேபோல "போய் வாருங்கள்." நம் வாயில் தானாக வரும் விடைச்சொல், அதைவிட அன்பான சொல் தமிழில் அரிது. அதையும் ஒரு முறை சோதித்துவிட்டேன். துடைப்பான் விற்க வந்த ஒருவரிடம் மற்றதெல்லாம் சரியாகச் சொல்லி, கடைசியில் பழக்கதோஷத்தில் "போய் வாருங்கள்" என்றேன். "வருகிறேன் அம்மா" என்றார் அவர்.

அடுத்த வாரம் வந்தார்.